நாடித் துடிப்பைக் குறைத்தது எது? வீட்டிலேயே சோதிக்க 16 இரவுகள்

கேள்வி: "மே மாதம் ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். அப்போது ஓய்வுநிலைத் துடிப்பு 74. பயந்துபோய் மாலைக் காபியை விட்டேன், இரவுச் சாப்பாட்டை ஒன்பதரையிலிருந்து ஏழு மணிக்கு மாற்றினேன், தினமும் நடக்கவும் ஆரம்பித்தேன். ஜூலை கடைசியில் 68. இந்த மூன்றில் எது வேலை செய்தது? ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க நியாயமான வழி உண்டா? வயது 41, கோயம்புத்தூர், மாத்திரை எதுவும் எடுப்பதில்லை."

கையில் இருக்கும் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. நீங்கள் மாற்றியவை மூன்று. நீங்கள் மாற்றாமலேயே மாறியவையும் இருக்கின்றன. மே மாதத்துக் கோவையும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூலைக் கோவையும் ஒன்றல்ல. வெயில் காலத்தில் உடம்புச் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அதிக ரத்தம் போக வேண்டியிருக்கும், அதற்காக இதயம் கூடுதலாகத் துடிக்கும். குளிர்ந்த காற்று வந்தாலே சில துடிப்புகள் குறையலாம். இன்னொன்று, 74ஐப் பார்த்துப் பயந்த அந்த வாரத்தில்தான் நீங்கள் எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பித்தீர்கள். ஏறி இறங்கும் எந்த அளவையும் அது உச்சத்தில் இருக்கும்போது கவனிக்கத் தொடங்கினால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை அநேகமாகச் சற்று இறங்கித்தான் இருக்கும். 6 துடிப்பு குறைந்தது உண்மை. அதை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் தெரியவில்லை.

நான் மருத்துவர் அல்ல. மருந்துச் சோதனைகளைத் திட்டமிடும் புள்ளியியல் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒரே ஒரு ஆளை வைத்து முறையாகச் சோதனை செய்யும் வழி எங்கள் துறையில் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கோர்டன் கையாட்டும் உடன் இருந்தவர்களும் 1986இல் அதை எழுதி வெளியிட்டார்கள். ஒரே நோயாளிக்குச் சில நாள் மருந்து, சில நாள் வெறும் மாத்திரை. இரண்டையும் ஜோடியாக வைத்து, எது முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பார்கள். உங்கள் கேள்விக்கு அந்த முறை அப்படியே பொருந்தும், ஆனால் மூன்று பழக்கத்துக்கும் அல்ல.

எந்தப் பழக்கத்தை இப்படிச் சோதிக்கலாம் என்பதற்கு ஒரே அளவுகோல்: அதன் விளைவு சீக்கிரம் வர வேண்டும், நிறுத்தினால் சீக்கிரம் போகவும் வேண்டும். இரவுச் சாப்பாட்டு நேரம் இதற்கு மிகவும் ஏற்றது. இன்று தாமதமாகச் சாப்பிட்டால் இன்றிரவே தெரியும், நாளை இரவுக்குள் அநேகமாகக் கரைந்துவிடும். காபி நடுவில் இருக்கிறது. நடைப்பயிற்சி இந்த முறைக்கு வராது, ஏனென்றால் அது இதயத்தைப் பழக்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும், ஒரு நாள் விட்டால் மறுநாளே போய்விடுவதும் இல்லை. ஆகவே முதல் சோதனைக்குச் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது முடியும்வரை மாலைக் காபி இப்போது போலவே இல்லாமல் இருக்கட்டும், நடை இப்போது போலவே தொடரட்டும். ஒரு எச்சரிக்கை, உங்களுக்கல்ல, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றி விளையாடக் கூடாது. ஓய்வில் இருக்கும்போதே துடிப்பு தொடர்ந்து 100க்கு மேல் இருப்பவர்கள், துடிப்பு தாளம் தப்புபவர்கள், தலைசுற்றல் மயக்கம் வருபவர்கள் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

சாப்பிட்டதும் குடலுக்கு அதிக ரத்தம் தேவைப்படுகிறது. இதயம் அதைத் தர சில மணி நேரம் கூடுதலாக உழைக்கிறது. சாப்பாடு கனமாக இருந்தால் அந்த நேரம் நீளும். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுத்தால், தூக்கத்தில் இயல்பாக இறங்க வேண்டிய துடிப்பு முதல் பாதி இரவில் மெதுவாகத்தான் இறங்கும். இதுவரை சொன்னது உறுதியானது. உங்கள் உடம்பில் அது எத்தனை துடிப்பு என்பது மட்டும்தான் தெரியாது. சோதனை அந்த ஒரு எண்ணுக்காகத்தான்.

'ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுவது' என்பது சொல்வதற்குச் சுலபம். செய்து பார்த்தால் ஒன்றோடு நான்கு ஒட்டிக்கொண்டு வரும். ஏழு மணிக்குச் சாப்பிட்ட நாளில் ஒன்பது மணிக்கு லேசாகப் பசிக்கும், ஒரு டம்ளர் பால் குடிப்பீர்கள். சீக்கிரம் சாப்பிட்டதால் சீக்கிரம் படுக்கத் தோன்றும். சாப்பிட்ட பிறகு நடப்பவர் என்றால் நடையும் சாப்பாட்டோடு சேர்ந்து நகர்ந்துவிடும். அப்புறம் சோதனை சாப்பாட்டு நேரத்தைப் பற்றியதாக இருக்காது. எனவே இரண்டு வகை இரவுக்கும் பொதுவாக இவற்றைக் கட்டிப்போடுங்கள்: படுக்கும் நேரம் பத்தரை, கால் மணி முன்பின் இருக்கலாம். நடை காலையில் மட்டும், அதே தூரம். சாப்பிட்ட பிறகு தண்ணீர் தவிர எதுவும் இல்லை. ஒரு ஜோடியின் இரண்டு இரவுக்கும் ஏறக்குறைய ஒரே சாப்பாடு. முதல் இரவு நான்கு இட்லியும் சாம்பாரும் என்றால் அடுத்த இரவும் நான்கு இட்லியும் சாம்பாரும். முதல் நாள் இட்லி, மறுநாள் பரோட்டா என்று போனால் நீங்கள் அளப்பது பரோட்டாவை. ஃபேன் வேகம், ஏசி இருந்தால் அதன் வெப்பநிலை, இவையும் மாறாமல் இருக்கட்டும்.

அடுத்தது எந்த எண்ணைப் பார்ப்பது. வாட்ச் ஆப்பில் 'ஓய்வுநிலைத் துடிப்பு' என்று ஒற்றை எண்ணாக வருவதை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. சிலவற்றில் முந்தைய நாட்களின் அளவும் அதில் கலந்திருக்கும். அப்படிக் கலந்தால் நேற்றைய தாமதச் சாப்பாட்டின் விளைவு இன்றைய எண்ணிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டு இரவுக்கும் உள்ள வித்தியாசம் பாதி அழிந்துவிடும். பெரும்பாலான ஆப்களில் இரவு முழுவதற்குமான துடிப்பு வரைபடம் இருக்கும். அதில் இரவு 12 மணி முதல் 4 மணி வரை உள்ள பகுதியின் சராசரியை எடுங்கள். சராசரி எடுக்க வழி இல்லை என்றால் 12, 1, 2, 3, 4 என்று ஐந்து இடங்களில் உள்ள எண்களைக் குறித்து, கூட்டி, ஐந்தால் வகுத்தால் போதும். விடிகாலை அளவை நான் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஜீரண வேலை அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும், தேடும் விளைவு அங்கே இருக்காது. எந்த எண் என்பதை முதல் இரவுக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முடிந்தபின் சராசரி, குறைந்தபட்சம், காலை அளவு, தூக்க மதிப்பெண் என்று ஐந்தாறைப் புரட்டினால் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பிடித்த மாதிரி நகர்ந்திருக்கும்.

வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, ரத்தம் வந்து போகும்போது திரும்பும் ஒளி மாறுவதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. கை அசையாமல் இருக்கும் தூக்கத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். பட்டை தளர்ந்திருந்தால்தான் தப்பும். அதனால் எப்போதும் ஒரே கை, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, பட்டையில் அதே துளை. சோதனை முடியும்வரை வாட்ச் சாஃப்ட்வேரை அப்டேட் செய்யாதீர்கள், கணக்கிடும் முறை அதோடு மாறிவிடக்கூடும். ஆரம்பிக்கும் முன் சில நாள் காலையில் எழுந்ததும், படுத்தபடியே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் வைத்து நாடியை எண்ணி, அந்த நிமிடம் வாட்ச் காட்டுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழு 60 வினாடி எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பு எண்ணத் தவறினால்கூட விடையில் நான்கு தவறும். நாம் தேடும் வித்தியாசமே அந்த அளவுதான். இரண்டுக்கும் ஓரிரு துடிப்பு வேறுபட்டால் பரவாயில்லை. பத்து, பதினைந்து என்று வேறுபட்டால் அந்த வாட்சை நம்பி இதைச் செய்ய வேண்டாம்.

இனி குலுக்கல். இந்தச் சோதனையின் உயிரே இதுதான், பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். 'ஒரு வாரம் ஏழு மணி, அடுத்த வாரம் ஒன்பதரை' என்று செய்தால் அந்த இரண்டாவது வாரத்தில் மழை நின்றது, ஆபீசில் ஆடிட் வந்தது எல்லாம் சாப்பாட்டின் தலையில் விழும். 'முடிகிற நாளில் சீக்கிரம் சாப்பிடுகிறேன்' என்றால் இன்னும் மோசம். முடிகிற நாள் என்பது வேலை குறைவான, மனம் லேசாக இருக்கும் நாள். அன்று துடிப்பு எப்படியும் குறைவாகத்தான் இருக்கும். அதனால் நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கக் கூடாது.

மாதக் காலண்டரை எடுத்து அடுத்தடுத்த இரண்டு இரவுகளை ஒரு ஜோடியாகக் கட்டம் போடுங்கள். எட்டு ஜோடி, 16 இரவுகள். கல்யாணம், ஊர்ப் பயணம், விரதம் என்று முன்பே தெரிந்த நாட்களைக் கட்டம் போடும்போதே ஒதுக்கிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு முறை நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் முதல் இரவு ஏழு மணி, மறுநாள் ஒன்பதரை. பூ விழுந்தால் மாற்றி. எட்டு முறையும் ஒரே உட்காரலில் சுண்டி, கட்டத்துக்குள் '7', '9½' என்று பேனாவால் எழுதிவிடுங்கள். பிடிக்காத வரிசை வந்தால் மறுபடி சுண்டக் கூடாது. அடுத்தடுத்த இரவுகளை ஜோடி சேர்ப்பதால் கிடைக்கும் லாபம் பெரிது. வானிலை, வேலை நெருக்கடி, நடையால் மெல்ல மெல்ல இறங்கும் துடிப்பு எல்லாம் அந்த இரண்டு இரவுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது தாமாகவே நீங்கிவிடும். மாதவிடாய் வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சுழற்சியின் பின்பாதியில் துடிப்பு சில எண்கள் கூடுவது இயல்பு. வாரக்கணக்கில் மாற்றினால் அதுவே விடையை விழுங்கிவிடும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சில இரவுகள் உடையும். காலண்டரில் '7' என்று இருக்கும், ஆபீசில் மாட்டிக்கொண்டு ஒன்பதுக்குத்தான் சாப்பிட முடிந்திருக்கும். அந்த இரவைத் தூக்கி 'தாமதம்' பக்கம் போட்டுவிடத்தான் எல்லோருக்கும் கை போகும். போடாதீர்கள். அன்று சாப்பாட்டைத் தாமதப்படுத்திய அதே நெருக்கடிதான் துடிப்பையும் ஏற்றியிருக்கும். அந்த இரவைத் தாமதப் பக்கம் சேர்த்தால், ஆபீசின் விளைவை எடுத்துச் சாப்பாட்டுக்குக் கொடுத்ததாகிவிடும். காலண்டரில் என்ன எழுதியிருந்ததோ அந்தப் பக்கமே அது இருக்கட்டும், ஓரத்தில் ஒரு குறிப்பு மட்டும் போதும். இதனால் வித்தியாசம் சற்று மங்கும், ஆனால் பொய்யான வித்தியாசம் உண்டாகாது. ஒரு ஜோடியை மொத்தமாக நீக்க எனக்குச் சம்மதமான காரணங்கள் குறைவு: காய்ச்சல், தடுப்பூசி போட்ட நாள், மது அருந்திய இரவு, வாட்ச் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. காய்ச்சலில் உடம்பு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு சுமார் பத்து ஏறும். நாம் தேடும் சிறு வித்தியாசம் அதில் காணாமல் போய்விடும். இந்தப் பட்டியலையும் முன்பே எழுதிவிடுங்கள். நீக்கிய ஜோடிக்குப் பதில் கடைசியில் ஒரு ஜோடி சேர்த்துக்கொள்ளலாம். 16 இரவும் முடியும்வரை கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டாம். நடுவில் பார்ப்பவர்கள், விடை பிடித்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள்.

முடிந்ததும் கணக்கு. கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நானே எழுதியவை. ஒவ்வொரு ஜோடியிலும் தாமத இரவின் சராசரியிலிருந்து சீக்கிர இரவின் சராசரியைக் கழிக்கிறோம். எட்டு விடைகள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 3, 1, 4, −1, 2, 5, 0, 2. கூட்டினால் 16, எட்டால் வகுத்தால் 2. தாமதமாகச் சாப்பிட்ட இரவுகளில் சராசரியாக இரண்டு துடிப்பு அதிகம். இது தற்செயலாக வந்திருக்குமா? சாப்பாட்டு நேரத்துக்கும் துடிப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒவ்வொரு விடையின் முன்னால் கூட்டல் குறி வந்ததா, கழித்தல் குறி வந்ததா என்பதைத் தீர்மானித்தது நாணயம் மட்டுமே. பூஜ்யத்தை விட்டால் ஏழு எண்கள். குறிகள் 128 விதமாக விழுந்திருக்கலாம். ஏழுமே கூட்டலாக விழுந்தால் மொத்தம் 18. ஏதாவது ஒரு '1' மட்டும் கழித்தலானால் 16, இதற்கு இரண்டு வழி. 16ஐத் தொடவோ தாண்டவோ வேறு வழி இல்லை. ஆக 128இல் 3. எதிர்த்திசையில் இதே அளவு வித்தியாசம் வந்திருந்தாலும் நீங்கள் அதைப் பெரிதாக எடுத்திருப்பீர்கள் அல்லவா, அந்த மூன்றையும் சேர்த்தால் 128இல் 6, ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. பேப்பரும் பேனாவும் போதும். இந்தக் கணக்கு நியாயமாவது நீங்கள் உண்மையிலேயே நாணயத்தைச் சுண்டியிருந்தால் மட்டுமே.

இந்த விடையை எவ்வளவு நம்பலாம்? நேரம் துடிப்பைப் பாதிக்கிறது என்று ஓரளவு நம்பலாம். 'சரியாக இரண்டு' என்பதை நம்பக் கூடாது. அந்த எட்டு விடைகளின் சிதறலை வைத்துப் பார்த்தால் உண்மையான வித்தியாசம் 0.3 முதல் 3.7 வரை எங்கும் இருக்கலாம். சராசரி அரைத் துடிப்பு மட்டும் வந்திருந்தால் 'சாப்பாட்டு நேரத்துக்கு விளைவே இல்லை' என்றும் சொல்லிவிட முடியாது. ஓர் ஆளின் துடிப்பு இரவுக்கு இரவு சில எண்கள் தானாகவே ஆடும். அதன் நடுவே அரைத் துடிப்பைப் பிரித்துக் காண 16 இரவுகள் போதாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இரண்டு துடிப்பு குறைந்தது என்றால் அந்த நான்கு மணி நேரத்தில் ஜீரண வேலை குறைவாக இருந்தது என்றுதான் பொருள். இதயம் பலப்பட்டுவிட்டது என்பதற்கு அது சாட்சி அல்ல. உங்கள் 74க்கும் 68க்கும் இடையிலான ஆறில் இரண்டை இது விளக்கலாம். அதுவும் உறுதியில்லை, ஏனென்றால் அந்த ஆறு, வாட்ச் தன் முறையில் கணக்கிட்ட வேறு எண்.

அடுத்ததாகக் காபியைச் சோதிக்க விரும்பினால் இரவுக்கு இரவு மாற்றுவது சரிவராது. மாலை ஐந்து மணிக் காபியில் உள்ள காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகப் பலருக்கும் ஐந்து மணி நேரம் போல ஆகும், இது ஆளுக்கு ஆள் நிறையவே மாறும். அதைவிட, தினமும் குடிப்பவர்களின் உடம்பு காஃபீனுக்குப் பழகியிருக்கும். நிறுத்தினால் தலைவலி, சோர்வு எல்லாம் வந்து ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். அதனால் ஜோடியின் ஒவ்வொரு பாதியையும் பத்து நாளாக்கி, முதல் ஐந்து நாள் அளவுகளைத் தள்ளிவிட்டு, மீதி ஐந்தின் சராசரியை மட்டும் எடுங்கள். காலைக் காபி எப்போதும் போல இருக்கட்டும். நான்கு ஜோடிக்கே 80 நாள் ஆகும். நான்கு நாணயச் சுண்டலில் மொத்தம் 16 விதம்தான் உண்டு என்பதால் நான்கும் ஒரே திசையில் வந்தாலும் சான்று பலவீனமாகவே இருக்கும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் முடியாத ஒரு வசதி இதில் உண்டு: உங்களுக்கே தெரியாமல் செய்யலாம். காஃபீன் நீக்கிய இன்ஸ்டன்ட் தூள் கடையில் கிடைக்கிறது. சாதாரணத் தூளையும் அதையும் ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் போட்டு, எதில் எது என்ற சீட்டை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எந்தப் பத்து நாளுக்கு எந்தப் பாட்டில் என்பதையும் அவரே நாணயம் சுண்டித் தீர்மானிக்கட்டும். சிக்கரியில் காஃபீன் இல்லை என்பதால் இரண்டிலும் ஒரே அளவு சிக்கரி சேர்த்தால் ருசி வித்தியாசம் நன்றாகவே மறையும். 80ஆவது நாள் சீட்டைப் பிரிக்கும் முன், எது எது என்று நீங்கள் நினைப்பதை எழுதிப் பாருங்கள். தவறாமல் கண்டுபிடித்திருந்தால் மறைப்பு பலிக்கவில்லை என்று அர்த்தம், விடையை அதற்கேற்பக் குறைத்து மதிப்பிடுங்கள்.

நடையைப் பொறுத்தவரை உங்கள் ஒருவரை வைத்துத் திட்டவட்டமான விடை கிடைக்காது. அதை நிறுத்திப் பார்த்து நிரூபிக்க முயல வேண்டாம். தொடர்ந்த நடையும் ஓட்டமும் ஓய்வுநிலைத் துடிப்பைக் குறைக்கும் என்பது பலரை வைத்து நடந்த ஆய்வுகளில் தெளிவாக வந்திருக்கிறது, அதை நீங்கள் மறுபடி சோதிக்கத் தேவையில்லை. உங்களுக்கு எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு வேண்டுமானால், நடையை விடாமல் இருந்து, அடுத்த மே மாதம் அதே 12 முதல் 4 மணி வரை அளவை இரண்டு வாரம் எடுத்து, இந்த மே மாதத்தின் வரைபடங்கள் ஆப்பில் இன்னும் இருந்தால் அவற்றோடு ஒப்பிடுங்கள். குறைந்தபட்சம் வெயில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். பழைய வரைபடங்களை ஆப் எத்தனை நாள் வைத்திருக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் அந்த மே மாத எண்களை இன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.